இரட்டிப்பது மட்டும் போதுமா, கழிக்கவும் வேண்டுமா?

`abab` சரத்தின் வெவ்வேறு துணைத்தொடர்களை எண்ணுவோம். வெற்றுத் தொடருக்கு 1 என்று அட்டவணை தொடங்கும். ஒவ்வோர் எழுத்தையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். அதனால் எண்ணிக்கை இரட்டிக்கிறது.

```
இரட்டிப்பு மட்டும்:  1 2 4 8 16
கழித்தலுடன்:       1 2 4 7 12
```

எழுத்து திரும்ப வராதவரை இரண்டும் ஒன்றே. இரண்டாவது `b` வரும்போது 7 என்பது 14 ஆகிறது. ஆனால் அதில் `b`, `ab` இரண்டும் முதல் `b`-யிலேயே உருவாகிவிட்டவை. அதாவது, முதல் `b`-க்கு முன்பிருந்த இரண்டு தொடர்கள் (வெற்று, `a`) மறுபடி அதே எழுத்தைப் பெறுகின்றன. அந்த 2-ஐக் கழித்தால் 12.

பலரும் சறுக்குவது இங்கேதான்: முதல் `b`-க்குப் பிந்தைய 4-ஐக் கழித்தால் விடை 10 ஆகிவிடும். எழுத்து கடைசியாக வந்த இடத்தையும் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் `aaa`-வுக்கு 4 வராமல் 5 வரும்.