கேள்வித்தாள்களை எண்ணிப் படித்த 3 செமஸ்டர்கள்

மன்னார்குடியிலிருந்து திருச்சிக்குப் போய்ச் சட்டம் படிக்கிறேன். பழைய கேள்வித்தாள்களை எண்ணி, எந்தத் தலைப்பு எத்தனை முறை வந்தது என்று ஷீட் போட்டுப் படிக்கும் முறையை 3 செமஸ்டராகப் பயன்படுத்துகிறேன். முதலில் செய்தது குற்றச் சட்டத் தாளுக்கு. எல்லாத் தப்பையும் அதில்தான் செய்தேன் என்பதால் அதையே சொல்கிறேன்.

ஜெராக்ஸ் கடையிலும் சீனியர்களிடமும் தேடி 12 தாள்கள் சேர்த்தேன். ஐப்பசி மழையில் பை நனைந்து இரண்டு தாள்களில் மை ஊறிவிட்டது. அவற்றைக் கையால் எழுதி எடுத்தேன். கடைசித் தாளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்ற 11-ஐ மட்டும் ஷீட்டில் ஏற்றினேன். வரிக்கு ஒரு தலைப்பு, நெடுக்கே தாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் அந்தக் கேள்விக்கான மதிப்பெண். எத்தனை தாளில் வந்தது என்பதற்கு ஒரு சூத்திரம், மொத்த மதிப்பெண்ணுக்கு இன்னொன்று:

```
=COUNTIF(C5:M5,">0")
=SUM(C5:M5)
```

சூத்திரம் எளிது. தலைப்பை எங்கே வெட்டுவது என்பதில்தான் சிக்கல். கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வரியாகவும், திடீர் ஆத்திரமூட்டலை ஒரு வரியாகவும், அந்த ஆத்திரமூட்டல் வாதம் எழுந்த நானாவதி வழக்கை ஒரு வரியாகவும் போட்டிருந்தேன். 4, 3, 2 என்று சிதறி, மூன்றுமே பட்டியலின் அடியில் கிடந்தன. சேர்த்துப் பார்த்தால் 11-ல் 9 தாள்கள். எந்தச் சூழலில் ஒரு செயல் குற்றமாகாது என்று சொல்லும் பொதுவிலக்குகளில் நேர்மாறு. ஒரே வரியாகப் போட்டதால் எல்லாத் தாளிலும் இருந்தது. ஆனால் மனநலக் குறைவைப் படித்துவிட்டுப் போனால் தற்காப்புரிமைக் கேள்விக்கு ஒரு வரிகூட எழுத முடியாது. அதன்பின் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: ஒரே குறிப்பை வைத்துப் பதில் எழுத முடிந்தால் ஒரே வரி, முடியாவிட்டால் வேறு வரி.

அப்புறம் சோதனை. ஷீட்டின் மேல் 15 வரிகளை மட்டும் படித்திருந்தால், எடுத்து வைத்த தாளை எழுதியிருக்க முடியுமா? நெடுங்கேள்விகளும் ஷார்ட் நோட்ஸும் போதுமான அளவு தேறின. ப்ராப்ளம் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். ஒருவன் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலில் இறங்கி, விளைந்த நெல்லை அறுத்து டிராக்டரில் ஏற்றிப் போகிறான், என்ன குற்றம்? திருட்டு என் 15-ல் இல்லவே இல்லை.

ஷீட்டை எங்கள் ஊர் சீனியர் ஒருவரிடம் காட்டினேன். “தம்பி, இதே மாதிரி பழைய கேள்விகளை எங்க போட்டே?” என்றார். தேடினால் மூன்று கேள்விகள் அத்துமீறி நுழைதல் வரியில் இருந்தன. வயலில் இறங்கினான் என்று கதை தொடங்கியதும் அங்கே போட்டுவிட்டேன். கேள்வியின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது: நிலத்தோடு ஒட்டி நிற்கும் பயிர் அசையும் பொருள் அல்ல, அதைத் திருட முடியாது, அறுத்துப் பிரித்த கணமே அது திருடக்கூடிய பொருள் ஆகிறது. திருட்டுப் பிரிவின் முதல் விளக்கமே இதுதான். நெல் அறுப்பைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது பிடிபடாததில் கொஞ்சம் வெட்கம்தான். அன்றிலிருந்து ப்ராப்ளம் கேள்வியை விடை எழுதிப் பார்த்த பிறகே ஷீட்டில் ஏற்றுகிறேன். நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை.

இந்த ஷீட்டால் முடியாத ஒன்றும் இருக்கிறது. 2024 ஜூலை 1-ல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. என் தாள்கள் எல்லாம் பழைய சட்டக் காலத்தவை. பிரிவு எண் மாற்றம் பெரிய வேலை இல்லை: கொலைக்கான 300 என்பது 101, மனநலக் குறைவுக்கான 84 என்பது 22, திருட்டுக்கான 378 என்பது 303 என்று பக்கத்தில் ஒரு கட்டம் போட்டால் போதும். ஆனால் 303-ல் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் முறைக் குற்றவாளி, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் தண்டனை சமூக சேவை. பறித்தல் 304-ல் தனிக் குற்றமாகிவிட்டது. இவை என் ஷீட்டில் பூஜ்யம். பழைய தாளில் எப்படி இருக்கும்? அதனால் புதிய பிரிவுகளுக்கு எண்ணிக்கை பார்க்காமல் மஞ்சள் அடித்து, மேல் 15-க்கு முன்னாலேயே படித்தேன்.

“போன தடவை வரல, இந்தத் தடவை வந்தே தீரும்” என்று விடுதியில் சொல்லும் கணக்கையும் ஷீட்டில் சரிபார்த்தேன். தொடர்ந்து இரண்டு தாளில் வராத தலைப்பு மூன்றாவதில் வந்ததும் உண்டு, வராததும் உண்டு. அந்தக் கட்டத்தை அழித்துவிட்டேன்.

இப்போது தேர்வு முடிந்து ஊர் திரும்பும்போதே, நினைவு மாறுவதற்குள் அன்றைய தாளை போனில் ஏற்றிவிடுகிறேன். பஸ் வடுவூர் ஏரியைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், ப்ராப்ளம் கேள்விகளைத் தவிர.