வொலட்டில் வந்த காசா, வங்கிக் காட்டுக்குத் திரும்பும் காசா?

இணையக் கடையில் வங்கிக் காட்டால் வாங்கிய 8,450 ரூபாய் கிரைண்டர் கிளிநொச்சிக்கு உடைந்து வந்து, திருப்பி அனுப்பியாயிற்று என்று வையுங்கள். கடைச் செயலியில் உள்ள வொலட்டுக்குத் திருப்பித் தந்தால் காசு அன்றே தெரியும். ஆனால் அந்தக் கடையில்தான் செலவழிக்கலாம்; சில கடைகளில் காலாவதித் திகதியும் உண்டு. உங்கள் ஊருக்கு டெலிவரி இல்லாத பொருளுக்கு அது உதவாது. காட்டுக்கு வர ஒன்றிரண்டு கிழமை பிடிக்கலாம், ஆனால் அது உங்கள் காசு. காட்டே நல்லது.

பல செயலிகளில் திருப்பிக் கேட்கும் பக்கத்தில் வொலட் முன்கூட்டியே தெரிவாகியிருக்கும், அழுத்துமுன் மாற்றுங்கள். வொலட்டில் விழுந்துவிட்டால் ஒரு ரூபாயும் தொடாதீர்கள். தொட்டால் ஏற்றுக்கொண்டீர்கள் என்பார்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து, எழுத்தில் கேளுங்கள்:

“வொலட் வரவை நான் ஏற்கவில்லை. அதை நீக்கி, 8,450 ரூபாயைக் கட்டணம் செலுத்திய அதே காட்டுக்கு அனுப்புங்கள்.”

அனுப்பிவிட்டோம் என்று கடை சொன்னால் ஏஆர்என் என்ற 23 இலக்க எண்ணைக் கேளுங்கள். அதை வைத்து வங்கி காசைத் தேடும். எண் தராவிட்டால் அனுப்பாமலும் இருக்கலாம். அப்போது காட்டைத் தந்த வங்கியில், திருப்பித் தர வேண்டிய காசு வரவில்லை என்று டிஸ்பியூட் போடுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்திலும் முறையிடலாம்.