வெளி சிக்னலை நம் கிளாக்குக்குள் கொண்டுவர ஒரு ஃபிளிப்ஃபிளாப் போதுமா, வரிசையாக இரண்டு வேண்டுமா?

பட்டன், வேறு கிளாக்கில் ஓடும் சிக்னல் எதுவானாலும் நம் கிளாக் விளிம்பைப் பார்த்து மாறாது. சரியாக அந்த விளிம்பில் மாறிவிட்டால் ஃபிளிப்ஃபிளாப் 0, 1 இரண்டுக்கும் நடுவே தொங்கும். எந்தப் பக்கம், எப்போது விழும் என்று சொல்ல முடியாது, ஆனால் எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவுக்குத் தொங்கும் வாய்ப்பு மடமடவென்று குறையும்.

கிளாக் 100 MHz, அதாவது ஒரு சுற்று 10 ns; உள்ளீடு நொடிக்கு 10 லட்சம் முறை மாறுகிறது; ஃபிளிப்ஃபிளாப் எவ்வளவு சீக்கிரம் தெளியும் என்பதைக் காட்டும் τ 200 ps; விளிம்பைச் சுற்றியுள்ள ஆபத்தான ஜன்னல் Tw 100 ps என்று வைத்துக்கொள்வோம். தெளியக் கிடைக்கும் நேரம் t என்றால், இரண்டு பிழைகளுக்கு இடையிலான சராசரி நேரமான MTBF இது:

```
MTBF = e^(t/τ) / (Tw × fclk × fdata)
```

ஒன்று: பின்னால் உள்ள லாஜிக் 8 ns தின்றுவிட்டால் தெளிய மிஞ்சுவது 2 ns. சராசரியாக 2 நொடிக்கு ஒரு பிழை!
இரண்டு: இரண்டு ஃபிளிப்ஃபிளாப்புக்கும் நடுவே லாஜிக் இல்லாததால் சுமார் 9.5 ns கிடைக்கும். பிழைக்கு 100 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

தாமதம்: இரண்டாவதில் ஒரு கிளாக் கூடுதல், அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது: சாதாரண சிமுலேஷனில் இது தெரியவே தெரியாது. போர்டில்தான் ஸ்டேட் மெஷின் இல்லாத நிலைக்குப் போய் நிற்கும், ஏனென்றால் தொங்கும் சிக்னலை ஒரு கிளை 0 என்றும் இன்னொன்று 1 என்றும் படித்திருக்கும்.

சிக்னல் அதே கிளாக்கிலிருந்து வந்தால் ஒன்று போதும். வெளியிலிருந்து வரும் ஒற்றை பிட்டுக்கு இரண்டு. அப்புறம், 8 பிட் எண்ணை இப்படி பிட் பிட்டாகக் கடத்தாதீர்கள், பாதி பழையதும் பாதி புதியதுமாக வரும்; ஒவ்வொன்றாக மாறும் கவுண்டர் என்றால் ஒரு நேரத்தில் ஒரு பிட் மட்டும் மாறும் கிரே கோடு போதும், மற்றதற்கு ஹேண்ட்ஷேக் போன்ற வழி வேண்டும்.