கொத்துக்கறி: குக்கரில் வேகவைத்து வற்றவிடுவதா, முதலிலேயே வறுத்துவிடுவதா?

எங்கள் வீட்டில் கொத்துக்கறி என்றால் குக்கர்தான். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது வதக்கி, மசாலாத் தூள் போட்டு, கறியைக் கொட்டி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு மூன்று விசில். திறந்தால் கறி மிதக்கும். அப்புறம் அதை வற்றவைக்கிற வேலை. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு வருடமாக மாற்றிவிட்டேன்: கறியை வெறுமனே எண்ணெயில் சிவக்க வறுத்து, அதன் பிறகே மசாலா. இரண்டையும் நிறைய தடவை செய்து பார்த்ததால் எழுதுகிறேன். இப்போது நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

குக்கரின் நல்ல குணங்கள் தெரிந்தவைதான். பக்கத்தில் நிற்க வேண்டாம், புகை இல்லை, முற்றிய ஆடாக இருந்தாலும் மெத்தென்று வெந்துவிடும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் தளர்வான கறி வேண்டும் என்றாலும், பல் இல்லாத பெரியவர்கள் வீட்டில் இருந்தாலும் இன்றும் குக்கரைத்தான் எடுப்பேன். ரசம் சாதத்துக்குப் பக்கத்தில் உதிரி உதிரியாக, ஓரம் மொறுமொறுப்பாக வேண்டும் என்றால்தான் அது கைவிடுகிறது.

காரணம் முழுக்கத் தண்ணீர். ஆட்டுக்கறியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான் இருக்கிறது. சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது தசை சுருங்கி அதைப் பிழிந்து வெளியே தள்ளும். துண்டுக் கறியில் இது மெதுவாக நடக்கும். கொத்துக்கறியில் எங்கு பார்த்தாலும் வெட்டுவாய் என்பதால் சில நிமிடங்களில் மொத்தமாக நீர் விட்டுவிடும். நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சரி. சட்டியில் நீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரியிலேயே நின்றுவிடும். கறி நன்றாகச் சிவந்து மணக்க 140 டிகிரி வாக்கில் வேண்டும். ஆக, நீர் போகாமல் சிவப்பது நடக்கவே நடக்காது.

இதனால் கேள்வி ஒன்றுதான்: அந்த நீரை மசாலா சேர்ப்பதற்கு முன்னால் விரட்டுவதா, பின்னால் விரட்டுவதா? குக்கர் முறையில் பின்னால். அப்போது அந்த நீரில் மிளகாய்த் தூள், மல்லித் தூள், கரைந்த தக்காளி எல்லாம் கலந்து கெட்டியாக இருக்கும். தீயைக் கூட்டினால் அடிப்பிடிக்கும். மிளகாய்த் தூள் தீய்ந்தால் கசப்பு வேறு. குறைத்தால் அரைமணி நேரம் ஆகும். அதற்குள் கறி கிளறிக் கிளறி மசிந்து, உதிரி இல்லாமல் சொதசொதவென்று ஒரு பொங்கல் பதத்துக்கு வந்துவிடும். பொட்டுக்கடலை மாவைத் தூவி நீரை உறிஞ்ச வைக்கும் வழியும் உண்டு. பார்க்க உலர்ந்தாற்போல் இருக்கும், வாயில் மாவு தெரியும்.

முன்னால் விரட்டினால் சட்டியில் கறியும் எண்ணெயும் மட்டுமே. தீயை முழுதாக வைக்கலாம், கருக எதுவும் இல்லை.

போன ஞாயிறு செய்ததைச் சொல்கிறேன். அரைக்கிலோ கறி. பாயிடம் மெஷினில் போடாமல் கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தித் தரச் சொன்னேன், கொஞ்சம் கொழுப்போடு. கொத்துவதற்கு முன்பே முழுத் துண்டாகக் கழுவி வாங்கியாயிற்று. கொத்தியதை வீட்டில் அலசினால் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அலசாமல் மனசு ஒப்பாது என்றால் வடிதட்டில் அரைமணி நேரம் வைத்து, கையால் பிழிந்துவிடுங்கள்.

அகலமான இருப்புச்சட்டி, இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கறியில் பாதியை மட்டும் பரப்பினேன். நான் அதிகம் கெடுத்தது இந்த இடத்தில்தான். அரைக்கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டினால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கி, நீர் விடும் வேகத்துக்கு ஆவியாகாமல் தேங்கிவிடும். அப்புறம் வறுப்பது எங்கே, அவிப்பதுதான். உப்பும் இப்போது கூடாது. உப்பு பட்ட கொத்துக்கறி பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கோலா உருண்டைக்கு அது வேண்டும், இதற்கு வேண்டாம்.

பரப்பிய பின் இரண்டு நிமிடம் தொடவில்லை. அடிப்பக்கம் பிடித்ததும் தோசைத்திருப்பியின் விளிம்பால் கொத்திப் பிரித்தேன். சாம்பல் நிறமாகி நீர் விடும், சத்தம் கொதிப்பது போல மாறும். பாதிப் பேர் இங்கே வெந்துவிட்டது என்று மசாலாவைப் போட்டுவிடுவார்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: குளுகுளுச் சத்தம் அடங்கி சடசடவென்று பொரியும் சத்தம் வரும். அப்போது சட்டியில் இருப்பது கலங்கிய நீர் அல்ல, தெளிந்த கொழுப்பு. அதற்கு மேல் மூன்று நான்கு நிமிடத்தில் ஓரமெல்லாம் சிவந்துவிட்டது. ஒரு பாதிக்கு எட்டு நிமிடம் ஆனது. இரண்டையும் எடுத்து நிறுத்துப் பார்த்தேன், 350 கிராம்தான். போன எடையில் பெரும்பகுதி, குக்கரில் மிதந்திருக்க வேண்டிய நீர்.

அதே சட்டியில் சோம்பு, கறிவேப்பிலை, ஒரு கைப்பிடிக்குக் கூடுதலாகச் சின்ன வெங்காயம். அது வதங்கியதும் இஞ்சி பூண்டு விழுது பச்சை வாசனை போகும்வரை. தீயைக் குறைத்து மஞ்சள், ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூள், இரண்டு தேக்கரண்டி மல்லித் தூள். உடனே கறி, உப்பு, கால் டம்ளர் வெந்நீர். இவ்வளவு பாடுபட்டு நீரை விரட்டிவிட்டுத் திரும்ப ஊற்றுவதா என்று என் மாமியாரும் கேட்டார். இது அளவு தெரிந்த நீர். சட்டியின் அடியில் ஒட்டிய சிவந்த பற்றைக் கரைக்கவும், தசைநாரை இளக்கவும் மட்டும். மூடிச் சிறுதீயில் பதினைந்து நிமிடம், பிறகு திறந்து ஐந்து நிமிடத்தில் வற்றிவிட்டது. இறக்கும்போது மிளகுத் தூள். தக்காளி போடவில்லை, புளிப்பு வேண்டுமென்றால் கடைசியில் எலுமிச்சை.

மொத்த நேரம் குக்கரோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதில் பாதி நேரம் அடுப்போடு நிற்க வேண்டும், எண்ணெய் தெறிக்கும், அடுப்பைத் துடைக்க வேண்டும். நான்-ஸ்டிக் சட்டி இந்தத் தீயைத் தாங்காது, அதில் முயல வேண்டாம். முற்றிய ஆட்டுக்கறியாக இருந்தால் பதினைந்து நிமிடம் போதாது. ஒரு முறை ரப்பராகவே இருந்தது, இன்னும் கொஞ்சம் வெந்நீர் தெளித்து மூடியே வைத்தேன்.

கோழிக் கொத்துக்கறியில் இரண்டு தடவைதான் செய்திருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்ல முடியாது. கொழுப்பு குறைவு என்பதால் சட்டியில் ஒட்டியது, கட்டி கட்டியாகவும் பிடித்தது. இரண்டாவது முறை எண்ணெயைக் கூட்டி, தொடாமல் வைக்கும் இரண்டு நிமிடத்தை ஒன்றாகக் குறைத்து உடனே கொத்திப் பிரித்தபோது பரவாயில்லை. ஆட்டுக்கறி அளவுக்குச் சிவக்கவில்லை.