மரைன் பிளை என்று நம்பி அலமாரியைக் கரையானுக்குக் கொடுத்த கதை

புது வீட்டுக்கு மர வேலை கொடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். குடி வந்து இருபதாவது மாதம், எங்கள் படுக்கையறை அலமாரியைப் பிரித்து வெளியே போட வேண்டியதாகிவிட்டது. எட்டடி அகலம், ஏழடி உயரம், சுவரோடு சேர்த்து அடித்தது.

முதலில் கீழ் டிராயர் இறுக்கமாக வர ஆரம்பித்தது. ஈரக் காற்றில் மரம் உப்பியிருக்கும் என்று நினைத்து, ஓரத்தில் மெழுகைத் தேய்த்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் பெருக்கும்போது, அலமாரிக்கு அடியில் தரையை ஒட்டி ஓடும் பலகையில் விளக்குமாறு பட்டது. டொக்கென்று கேட்க வேண்டிய சத்தம் வெற்று டப்பாவைத் தட்டியது போலக் கேட்டது. கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே ஒட்டியிருந்த மைக்கா மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது, பின்னால் பலகையே இல்லை. ஈரமான செம்மண்ணும் அதில் நெளிகிற வெள்ளைப் பூச்சிகளும்தான் இருந்தன.

வேலை பேசும்போது காண்ட்ராக்டர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “சார், இது மரைன் பிளை. மூணு நாள் கொதிக்க வச்சாலும் பிரியாது. கரையானா? கிட்டயே வராது.” கொதிக்க வைக்கிற பேச்சு உண்மைதான். அந்தத் தரத்துப் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுத்தான் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது பசையை. தகடு தகடாக அடுக்கி ஒட்டியிருக்கிற மரம் தண்ணீரில் பிரிந்து வருகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. கரையான் பசையைத் தின்ன வருவதில்லை, மரத்தைத் தின்ன வருகிறது. மரத்துக்குள் பூச்சிமருந்து ஏற்றாத வரை, எவ்வளவு நல்ல பசை போட்ட பலகையும் அதற்குச் சாப்பாடுதான். நானும் ‘மரைன்’ என்ற சொல்லிலேயே மயங்கிப்போய், மூன்றாவது வாக்கியத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்கவில்லை.

அலமாரியைக் கழற்ற வந்தவர் வயதான ஆசாரி ஒருவர். பக்கப் பலகையில் ஒரு துண்டை உடைத்துக் கையில் கொடுத்தார். புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்ப்பது போல இருந்தது. பசைக் கோடுகள் ஏடு ஏடாக நிற்கின்றன, இடையில் இருந்த மரம் பெரும்பாலும் காணோம். “பசை நல்ல பசைதான் தம்பி” என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பின்பக்கத்தைத் திறந்தபோதுதான் கரையான் எந்த வழியாக வந்தது என்று தெரிந்தது. முன்னால் தெரிகிற கதவும் பக்கங்களும்தான் பேசிய சரக்கு. முதுகில் அடித்திருந்தது முத்திரையே இல்லாத ஆறு மில்லிமீட்டர் பிளை. அதற்கும் பின்னால், சுவரில் துளை போட்டு மரக் கட்டை அடித்து, பெட்டி உடைத்த பலகையில் கிழித்த ரீப்பரைத் திருகியிருந்தார்கள். அடியில் நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு சட்டம், அதுவும் வெட்டி மிஞ்சிய துண்டுகள். சட்டத்துக்குள் மரத்தூளும் சீவலும் ஒரு பழைய அட்டைப்பெட்டியும். கூட்டி அள்ளச் சோம்பல்பட்டு உள்ளே தள்ளி மூடியிருக்கிறார்கள். தரை ஓடும் சுவரும் சேருகிற இடத்தில் ஒரு மெல்லிய விரிசல் இருந்தது. கரையானுக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி போதும். அங்கிருந்து மண் பாதை நேராக அந்தக் குப்பைக்குப் போயிருந்தது. குப்பையிலிருந்து சட்டம், சட்டத்திலிருந்து ரீப்பர், ரீப்பரிலிருந்து முதுகுப் பலகை. நான் காசு கொடுத்து வாங்கிய பலகைக்குக் கடைசியாகத்தான் வந்திருக்கிறது.

மரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தியிடம் கதவுத் துண்டு ஒன்றையும் உள்தட்டுத் துண்டு ஒன்றையும் கொடுத்தேன். மரத்தில் போரான் மருந்து ஏற்றியிருக்கிறதா என்று பார்க்க அவர்கள் மஞ்சளைத்தான் பயன்படுத்துகிறார்கள். மஞ்சள் சாற்றை வெட்டுமுகத்தில் தடவி, காய்ந்ததும் அமிலக் கரைசலைத் தடவினால், மருந்து போன ஆழம் வரை சிவப்பாக மாறும். என் இரண்டு துண்டும் மஞ்சளாகவே இருந்தன. செம்பு கலந்த மருந்துக்கு வேறொரு கரைசல், அது நீலமாக வேண்டும். அதுவும் ஆகவில்லை. பசையில் வேறு வகைப் பூச்சிமருந்து கலந்திருந்தால் இந்த நிறச் சோதனைகளில் தெரியாது, அதற்குக் கருவி வேண்டும் என்று அவள் சொன்னாள். சரி, கரையான் ஏற்கெனவே சோதித்துவிட்டதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

உத்தரவாதம் கேட்டுப் பலகை விற்ற கடைக்குப் போனதுதான் அடுத்த கூத்து. ஷீட்டில் முத்திரை எங்கே என்றார்கள். வெட்டும்போதே போயிருக்கும், மிஞ்சியதன் மேல் மைக்கா ஒட்டியாகிவிட்டது. பில் காண்ட்ராக்டர் பெயரில் இருந்தது, தரம் எதுவென்று அதில் எழுதவில்லை. உத்தரவாத அட்டையை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். நிரூபித்தாலும் கிடைப்பது மாற்று ஷீட்தான். கூலி, மைக்கா, கீல் எதுவும் சேராது. அவர்கள் விற்காத முதுகுப் பலகை வழியாகக் கரையான் வந்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை என்றும் சொன்னார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது, என்ன செய்ய? காண்ட்ராக்டர் இரண்டு முறை போனை எடுத்தார். மூன்றாவது முறையிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டாவது முறை பொருள் தேர்ந்தெடுக்கும்போது நான் விசாரித்ததும் பட்டதும் இதோ.

அலமாரிக்கு இரும்பு போட்டேன். இரும்பைக் கரையான் தின்னாது, ஆனால் அதன் மேல் மண் பாதை கட்டி ஏறும். அண்ணன் வீட்டில் சுவரோடு ஒட்டி வைத்திருந்த பீரோவில் பின் தகட்டு இணைப்பு வழியாக நுழைந்து, பத்திரக் கோப்பையும் பட்டுப் புடவையின் மடிப்பையும் தின்றிருக்கிறது. பீரோவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதனால் நான் நான்கு அங்குலக் கால் வைத்து, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். டார்ச் அடித்தால் நான்கு காலும் முதுகும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தரை துடைக்கிற தண்ணீர் பட்டுக் கால் அடியில்தான் துரு பிடிக்கும், அதற்கு ரப்பர் குமிழ் போட்டிருக்கிறேன்.

சமையலறைத் தொட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பலகை. இங்கேயும் ஏமாந்தேன். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை என்று பேசி, பி.வி.சி. நுரைப் பலகையைக் கொண்டுவந்து அடித்துவிட்டார்கள். வெட்டிய ஓரத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு முகமும் கெட்டியாகவும் நடுவில் பிஸ்கட் போலப் பொடித் துளைகளாகவும் இருந்தால் அது நுரைப் பலகை. கையில் எடுத்தால் அளவுக்குப் பொருந்தாத லேசு. அதைக் கரையான் உணவாகத் தின்னாது என்பது சரிதான், ஆனால் திருகு பிடிப்பு மோசம். ஆறே மாதத்தில் மேல் கீலின் திருகுகள் மாவோடு வெளியே வந்து கதவு தொங்கியது. மூன்றடி அகலத் தட்டு பாத்திரப் பாரத்தில் வில் போல வளைந்துவிட்டது. இப்போது தட்டை ஒன்றரை அடிக்கு ஒரு தாங்கி கொடுத்து நிறுத்தி, கீல் வருகிற இடத்தில் திருகுக்குப் பதில் போல்ட்டும் நட்டும் போட்டாயிற்று. ஈரம் படுகிற இடத்துக்கு அது நல்ல பொருள்தான். பாரம் தாங்கவும் அடுப்புப் பக்கம் வைக்கவும் வேண்டாம்.

மர நாரையும் தூளையும் பசை சேர்த்து அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டுமுகம் பச்சையாக இருப்பதைக் காட்டி “இது ட்ரீட் பண்ணது” என்பார்கள். பச்சை வெறும் சாயம். ஈரம் தாங்கும் வகை என்று அடையாளம் காட்டப் போடுவது. கரையான் மருந்து என்றால் அது தனியாக, எழுத்தில் இருக்க வேண்டும்.

கட்டில் மட்டும் மரம். தேக்கைக் கரையான் தொடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான வைரத்துக்கு மட்டும் பொருந்தும். அதைச் சுற்றியிருக்கிற வெளிறிய பகுதியை, ஆசாரிகள் வெள்ளை என்பார்கள், எந்த மரத்திலும் கரையான் விடாது. இளம் மரத்தில் வெள்ளையின் பங்கு அதிகம். எங்கள் பழைய கட்டிலின் ஒரு காலில் இதை நேராகவே பார்த்தேன். ஒரு மூலையில் விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழாக அரித்திருக்கிறது, பக்கத்திலேயே வைரம் கோடு போட்டது போல அப்படியே நிற்கிறது. பாலிஷில் சாயம் கலந்து அடித்துவிட்டால் வெள்ளையும் வைரமும் ஒரே நிறமாகிவிடும். அதனால் இந்த முறை சட்டங்களை இழைத்த கையோடு, சாயம் போடும் முன்பே போய்ப் பார்த்து, இரண்டைத் திருப்பி அனுப்பினேன்.

பிளைவுட்டை ஒரேயடியாக விட்டுவிட்டேன் என்றில்லை. புத்தகத் தட்டுக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் பில்லில் கதவு, பக்கம், முதுகு, அடிச்சட்டம் ஒவ்வொன்றுக்கும் என்ன பலகை, மருந்து பசையிலா அல்லது அழுத்தம் கொடுத்து மரத்துக்குள்ளேயே ஏற்றியதா என்று தனித்தனி வரியாக எழுதி வாங்கினேன். மருந்து மேலாக மட்டும் போயிருந்தால், அறுத்த ஓரத்தில் உள்மரம் திறந்துவிடும். அந்த ஓரங்களுக்கு மைக்கா ஒட்டுவதற்கு முன் மருந்தைத் திரும்பத் தடவச் சொன்னேன். ஒவ்வொரு ஷீட்டின் முத்திரையையும் வெட்டும் முன் போட்டோ எடுத்தேன். புது ஆசாரிக்கு முதல் நாள் கோபம்தான். “எங்கள நம்பலையா சார்?” என்றார். பழைய அலமாரித் துண்டைக் காட்டியதும் அவரே ஷீட்டைப் புரட்டிப் பிடித்தார்.

இதற்கெல்லாம் முன்பு, பூச்சி மருந்துக்காரர்கள் வந்து சுவரோரமாகத் தரையில் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து செலுத்தி அடைத்துவிட்டுப் போனார்கள். வீடு கட்டும்போது அடித்தள மண்ணுக்கு மருந்து அடிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

போன மாதம் டார்ச் அடித்துப் பார்த்தபோது, அலமாரியின் பின்னங்கால் ஒன்றில் பென்சில் தடிமனுக்கு ஒரு மண் கோடு. வயிற்றைக் கலக்கியது. பழைய தடமா, புதிதா என்று தெரிய, முழுவதையும் துடைக்காமல் நடுவில் ஒரு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு வந்தேன். கரையான் நடமாட்டம் இருந்தால் ஓரிரு நாளில் ஈர மண் வைத்து அடைத்துவிடும். மறுநாள் பார்த்தேன், அடைத்திருந்தது. மருந்துக்காரருக்குப் போன் செய்தேன். அந்தக் காலுக்கு நேர் கீழே தரை ஓட்டின் இணைப்பில் இன்னொரு துளை போட்டார். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு அங்குலம் உடைத்தேன். உள்ளே காய்ந்த மண்தான் உதிர்ந்தது, இதுவரை அடைபடவில்லை.