ஃபிரேம் ஃபிரேமாகக் காணொளியை ஓவியமாக்குதல்: ஃப்ளிக்கரை அடக்கிய நீண்டகால அனுபவம்

காணொளியை ஃபிரேம்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 மாடலின் இமேஜ்-டு-இமேஜ் முறையில் ஓவியமாக மாற்றி, மீண்டும் கோக்கும் வேலையை நெடுநாளாகச் செய்து வருகிறேன். மாடல் வரையத் தொடங்கும் தற்செயல் புள்ளிகளான நாய்ஸைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றாமல் வைத்தாலே, ஃபிரேமுக்கு ஃபிரேம் தீற்றல்கள் மாறித் துடிக்கும் ஃப்ளிக்கர் நின்றுவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அசையாத பகுதிகளுக்கு அது பெருமளவு சரி. அசையும் பகுதிகளில் அது ஒரு குறையை நீக்கி வேறொரு குறையைக் கொண்டுவருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டே விளக்குகிறேன். கேமரா நிலையாக நிற்கிறது. செங்கல் சுவருக்கு முன்னால் ஒருவர் இடமிருந்து வலமாக நடக்கிறார். அளவு 768×432, நொடிக்கு 24 ஃபிரேம்கள், மொத்தம் 10 நொடிகள், ஆகவே 240 ஃபிரேம்கள். நடப்பவர் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 3 பிக்சல் நகர்கிறார்.

முதலில் சீட். ஒரே சீட் எண்ணைக் கொடுத்தும் ஒவ்வொரு ஃபிரேமும் வேறு வேறு நாய்ஸுடன் தொடங்கினால், ஜெனரேட்டரை லூப்புக்கு வெளியே ஒரே ஒருமுறை உருவாக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதன் நிலை ஒவ்வொரு அழைப்பிலும் முன்னேறிக்கொண்டே போகும் என்பதால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்பு `manual_seed` மூலம் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். படத்தின் அளவு, சாம்ப்ளர், பேட்ச் அளவு ஆகியவையும் மாறக் கூடாது. சோதிப்பது எளிது: ஒரே ஃபிரேமை இருமுறை ஓட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் விடை முழுக் கறுப்பாகவோ, அதற்கு மிக நெருக்கமாகவோ இருக்க வேண்டும்.

இதைச் சரியாகச் செய்தபின் சுவர் அமைதியாகிவிடும். ஆனால் நடப்பவரின் சட்டையில் தூரிகைத் தீற்றல்கள் அவரோடு நகராமல் திரையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பூவேலைப்பாடு செய்த கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் நடந்துபோவதைப் போல இருக்கும். நாய்ஸ் திரையின் கட்டங்களோடு பிணைந்திருப்பதே இதற்குக் காரணம். சரி, நாய்ஸையும் அவரோடு நகர்த்திவிடலாமே என்று தோன்றும். இந்த மாடலில் நாய்ஸ் இருப்பது படத்தின் சுருக்க வடிவமான லேட்டன்ட் கட்டத்தில், அதன் ஒரு கட்டம் 8×8 பிக்சலுக்குச் சமம். 3 பிக்சல் நகர்வு ஒரு கட்டம்கூட ஆவதில்லை. இடைப்பட்ட மதிப்புகளைச் சராசரியிட்டு நகர்த்தினாலோ நாய்ஸின் பரவல் சுருங்கி, படம் மழுங்கிவிடும்.

ஆகவே நாய்ஸை விட்டுவிட்டு, முந்தைய ஃபிரேமின் ஓவியத்தையே நகர்த்துகிறேன். ஆப்டிகல் ஃப்ளோ என்பது ஒவ்வொரு பிக்சலும் இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே எங்கிருந்து எங்கே போனது என்ற கணக்கு. அதை ஓவியங்களிலிருந்து எடுக்காமல் மூலக் காணொளியிலிருந்து எடுக்க வேண்டும். திசையிலும் கவனம் தேவை. இப்போதைய ஃபிரேமின் ஒவ்வொரு பிக்சலும் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது என்பதே நமக்குத் தேவையான கேள்வி.

```python
dis = cv2.DISOpticalFlow_create(
    cv2.DISOPTICAL_FLOW_PRESET_MEDIUM)
flow = dis.calc(cur_gray, prev_gray, None)
h, w = cur_gray.shape
x, y = np.meshgrid(np.arange(w), np.arange(h))
mx = (x + flow[..., 0]).astype(np.float32)
my = (y + flow[..., 1]).astype(np.float32)
warped = cv2.remap(prev_styled, mx, my, cv2.INTER_LANCZOS4)
```

ஓபன்சிவியில் உள்ள இந்த முறை வேகமானது, பெரும்பாலான காட்சிகளுக்குப் போதும். விரல்கள், தலைமுடி போன்ற மெல்லிய உருவங்கள் வந்தால் 2020இல் வெளிவந்த ராஃப்ட் மாடலுக்கு மாறுகிறேன். விளிம்புகள் தெளிவாகக் கிடைக்கின்றன, ஆனால் ஜிபியு வேண்டும்.

உண்மையான தலைவலி, ஃப்ளோவை நம்ப முடியாத பிக்சல்களைக் குறித்துவைக்கும் மாஸ்க்கில்தான். நடப்பவர் வலப்புறம் நகர நகர, அவருடைய இடப்பக்க விளிம்பை ஒட்டி ஏறத்தாழ 3 பிக்சல் அகலத்தில் ஒரு சுவர்ப் பட்டை புதிதாக வெளிப்படுகிறது. முந்தைய ஃபிரேமில் அது மறைந்திருந்ததால், ஃப்ளோ அங்கே என்ன சொன்னாலும் அது பொய்தான். மாஸ்க் இல்லாவிட்டால் சட்டையின் நிறம் அந்தப் பட்டையில் இழுபட்டு, அவருக்குப் பின்னால் வால் போல நீளும். இந்த இடங்களைக் கண்டுபிடிக்க, ஃப்ளோவை இரு திசையிலும் கணக்கிட்டு, ஒரு பிக்சலிலிருந்து முந்தைய ஃபிரேமுக்குப் போய் அங்கிருந்து திரும்பி வந்து பார்க்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் அந்தப் பிக்சலை நம்பலாம்; ஒன்று அல்லது இரண்டு பிக்சலுக்கு மேல் விலகினால் அது மாஸ்க்குக்குள் போக வேண்டும். மாஸ்க்கைச் சில பிக்சல் அகலப்படுத்தி, விளிம்பை மென்மையாக்கிக்கொள்வேன்.

மாஸ்க்குக்குள் எதை நிரப்புவது? மூல ஃபிரேமையே வைத்து, படத்தை எவ்வளவு மாற்றி வரையலாம் என்பதைச் சொல்லும் டீநாய்சிங் அளவை 0.35 என்று கொடுத்து ஓட்டினால், ஏற்கெனவே ஓவியமாகிவிட்ட சுவருக்கு நடுவே அந்தப் பட்டை மட்டும் பாதிப் புகைப்படமாகத் தெரியும். அளவைக் கூட்டினால் எஞ்சிய இடமெல்லாம் புதிதாக வரையப்பட்டு ஃப்ளிக்கர் திரும்பிவிடும். அதனால் ஒரு ஃபிரேமுக்கு இருமுறை ஓட்டுகிறேன். முதல் சுற்றில் மூல ஃபிரேமை அதே சீட்டுடன் 0.6 அளவில் தனியாக ஓவியமாக்கி, அதிலிருந்து மாஸ்க் பகுதியை மட்டும் எடுத்து, நகர்த்திய பழைய ஓவியத்தின் மேல் பொருத்துகிறேன். இரண்டாவது சுற்றில் அந்தக் கூட்டுப் படத்தை 0.25 அளவில் ஓட்டி ஒட்டுத் தெரியாமல் இணைக்கிறேன். நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. ஆனால் இந்தப் பட்டைச் சிக்கலுக்கு நான் பார்த்தவற்றில் இதுவே நம்பகமான தீர்வு.

நீண்ட காட்சிகளில் இன்னொரு குறை மெல்ல எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு ஓவியமும் முந்தையதிலிருந்து பிறப்பதால், படத்தை லேட்டன்டாக்கும் என்கோடும், அதைத் திரும்பப் படமாக்கும் டிகோடும், நகர்த்தலும் சேர்த்துக்கொண்டே போகும் சிறு பிழைகள் திரண்டு, நிறங்கள் தடித்து, நுண்விவரங்கள் கரைகின்றன. அடுத்தடுத்த இரு ஃபிரேம்களை ஒப்பிட்டால் இது தெரியவே தெரியாது. முதல் ஃபிரேமையும் இருநூறாவது ஃபிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமின் நிறச் சராசரியையும் பரவலையும் முதல் ஓவியத்தோடு பொருத்துவது நிறச் சிக்கலுக்குப் போதும். விவரம் கரைவதற்கு, 0.6 சுற்றில் கிடைத்த படத்தை மாஸ்க்குக்கு வெளியேயும் சிறு விகிதத்தில் கலக்கிறேன்.

முடிவைச் சரிபார்க்கக் காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எல்லா ஃபிரேம்களிலிருந்தும் ஒரே உயரத்தில் ஒரு பிக்சல் வரிசையை வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். அசையாத சுவர் செங்குத்துக் கோடுகளாகவும், நடப்பவர் ஒரு சாய்ந்த பட்டையாகவும் தெரிவார்கள். படுக்கைக் கோடுகள் தெரிந்தால் ஃப்ளிக்கர் இருக்கிறது. சாய்ந்த பட்டைக்குள்ளே செங்குத்துக் கோடுகள் தெரிந்தால் தீற்றல்கள் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

புகை, நீர், கண்ணாடிப் பிரதிபலிப்பு ஆகியவற்றில் இந்த முறை தோற்கிறது. அங்கே ஒரு பிக்சலுக்கு ஒரே நகர்வு என்ற அடிப்படையே பொருந்துவதில்லை. சுவரில் நகரும் நிழலும் ஏமாற்றும்: ஃப்ளோ நிழலைப் பின்தொடர, அசையாத செங்கற்களின் தீற்றல்கள் அதோடு இழுபடும். அத்தகைய பகுதிகளைக் கையால் மாஸ்க்கில் சேர்த்துவிடுகிறேன். காட்சி மாறும் இடத்தில் சங்கிலியை அறுத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்கென்று தனிக் கருவி தேவையில்லை, மாஸ்க்கே ஃபிரேமில் பாதிக்கு மேல் நிரம்பினால் அதைக் காட்சி மாற்றமாகக் கொள்ளும்படி ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்.