மூளையா, தண்டுவடமா? ஒரு பக்கம் விழுந்தால் கேட்க வேண்டிய கேள்வி

ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், காலையில் பல் துலக்கும்போது பிடரியில் வெட்டினாற்போல வலி. அரை மணி நேரத்தில் வலது கையும் காலும் தொய்ந்துவிடுகின்றன. வீட்டார் பக்கவாதம் என்றே தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் அடிபட்டாலும் நோயாளி இதே கோலத்தில்தான் வந்து நிற்பார்.

முகத்தைப் பார்ப்பது முதல் வேலை. வாய் கோணவில்லை, பேச்சும் குளறவில்லை என்றால் சந்தேகம் கழுத்தின் பக்கம் திரும்பும். ஆனால் முகத்தைத் தொடாத பக்கவாதமும் உண்டு என்பதால் இது ஒன்றை மட்டும் நம்ப முடியாது.

உண்மையில் வழக்கைத் தீர்ப்பது ஒரு டியூனிங் ஃபோர்க். அதன் குளிர்ந்த உலோகத்தைக் கால்களில் வைத்துப் பாருங்கள். நம் நோயாளிக்கு வலுவிழந்த வலது காலில் சில்லென்று தெரிகிறது. நன்றாக ஆடி அசையும் இடது காலிலோ ஏதோ படுகிறது என்கிறாரே தவிர, குளிர்ச்சி தெரியவில்லை. குண்டூசியின் கூர்மையும் அப்படியே. அடுத்து அதே ஃபோர்க்கைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தால் கதை தலைகீழ்: அதிர்வு இடப்பக்கம் தெரிகிறது, வலப்பக்கம் தெரியவில்லை.

காரணம் நரம்புகள் பக்கம் மாறும் இடம். அசைவுக்கான இழைகளும் அதிர்வுக்கான இழைகளும் மூளையின் அடியில், தண்டுவடத்துக்கு மேலே இருக்கும் முகுளத்தில்தான் பக்கம் மாறுகின்றன. வலி, வெப்ப உணர்வைச் சுமக்கும் பாதையோ தண்டுவடத்துக்குள் நுழைந்து ஓரிரு கணுக்களுக்குள்ளேயே எதிர்ப்பக்கம் தாவிவிடுகிறது. அதனால் வலப்பாதி சிதைந்தால் வலப்பக்க வலுவும் இடப்பக்கக் குளிர்ச்சியும் ஒன்றாகப் போகின்றன. மூளையின் பக்கவாதத்தில் வலுவிழப்பும் மரப்பும் பொதுவாக ஒரே பக்கம். முகுளத்தின் ஓரத்தில் வரும் பக்கவாதம் இதற்கு விலக்கு. அதிலும் உணர்வு குறுக்காகப் போகும், ஆனால் முகம் சேர்ந்துகொள்ளும்.

மொரீஷியஸில் பிறந்த நரம்பியல் மருத்துவர் பிரவுன்-செக்கார் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த இந்தப் படம் முழுசாக அமைவது அரிது. கத்திக்குத்தில் ஓரளவு தெளிவாகத் தெரியும், மற்றபடி அரைகுறைதான். அதனாலேயே தவறிப்போகிறது.

தவறினால் என்ன? தலை சி.டி. சுத்தமாக இருக்கும், ஆனால் மூளைப் பக்கவாதத்திலும் முதல் சில மணி நேரத்தில் அப்படித்தான் இருக்கும். நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டுமே என்ற அவசரம் வேறு. நம் நோயாளிக்கோ தண்டுவட உறைக்கு வெளியே ரத்தம் கசிந்து நரம்பை நசுக்குகிறது. அந்த ஊசியைப் போட்டால் கசிவு பெருகும், மறுபாதியும் போகலாம். பிடரி வலியையும் இடது காலின் குளிர்ச்சியையும் கேட்டவர் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதுவார். கசிவு அதில் தெரிந்துவிட்டால் அடுத்து அழைக்க வேண்டியது அறுவை மருத்துவரை.